இரண்டு பேணி, இரண்டு ஸ்பிரிங், ஒரு தீக்குச்சி

ஸ்பிரிங்கில் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கும் இரண்டு பேணிகள் கலப்படமில்லாமல் ஆட இரண்டே வழிகள்தான்: ஒன்று மெதுவானது, மற்றது வேகமானது. மூன்று வாரமாக மண்டையைக் குடைந்த வேகமான அலைவு, நேற்று இரவு ஒருவழியாகச் சுத்தமாக ஓடியது. ஹட்டனில் விடாத மழை, கரண்டும் இல்லை. போன் டோர்ச் வெளிச்சத்தில்தான் வீடியோ எடுத்தேன்.

அமைப்பு இதுதான். காம்பராக் கூரை வளையில் ஒரு ஸ்பிரிங், அதில் மணல் நிரப்பிய பால் பேணி, அதன் கீழே அதே மாதிரி இன்னொரு ஸ்பிரிங், இன்னொரு பேணி. பேணி ஒவ்வொன்றும் 200 கிராம். ஸ்பிரிங் மாறிலி மீற்றருக்கு 20 நியூட்டன். கடையில் வாங்கிய இந்த ஸ்பிரிங்குகள் நெருக்கிச் சுற்றியவை. கொஞ்சம் பாரம் ஏறும் வரை வாயே திறக்காது. ஒரே ஒரு எடையைத் தொங்கவிட்டு வகுத்தபோது எனக்கு 25 வந்தது. பல எடை போட்டு வரைபின் சாய்வை எடுத்த பிறகுதான் 20 என்று தெரிந்தது.

இரண்டு பேணிகளின் இயக்கச் சமன்பாடுகளையும் ஒரு தாயமாக எழுதினால், அதன் ஐகன் பெறுமானங்கள் 38.2, 261.8. 2π-ஐ இவற்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் மெதுவான அலைவின் காலம் 1.02 செக்கன், வேகமானது 0.39. மெதுவானதில் பேணிகள் ஒரே பக்கம், 1-க்கு 1.618 என்ற விகிதத்தில் ஓடும். வேகமானதில் மேல் பேணி 1 ஏறினால் கீழ் பேணி 0.618 இறங்கும்.

மெதுவானது கையால் விட்டாலே ஓடியது. ஆனால் 20 அலைவுக்கு 20.3 செக்கன் வர வேண்டிய இடத்தில் 21.2 வந்தது. ஸ்டொப்வொச்சைத் திட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

வேகமானதுதான் வில்லங்கம். மேல் பேணியை நான் தூக்க, கீழ் பேணியைத் தங்கச்சி இழுக்க, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி விட்டோம். யாராவது ஒருவர் எப்போதும் பிந்தினோம். கலப்படம் என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம்: சுத்தமான அலைவில் இரண்டு பேணியும் ஒரே கணத்தில் நின்று திரும்பும். எங்களுடையதில் மேலது நிற்கும்போது கீழது ஓடிக்கொண்டிருந்தது.

சரி, நூலைக் கட்டி எரிப்போம் என்று முடிவு. நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி ஒரே நூலைப் போட்டேன். கீழ் பேணியிலிருந்து தரையில் உள்ள வளையத்துக்குள் போய், அங்கிருந்து வளையில் உள்ள கொளுக்கிக்கு ஏறி, மேல் பேணிக்கு இறங்கும். இழுத்துக் கட்டினால் கீழ் பேணி இறங்கியது, மேல் பேணி இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. நூல் அறுந்துவிட்டதா என்றுகூடப் பார்த்தேன்.

காரணம் அப்புறம்தான் உறைத்தது. ஒரே நூல் என்றால் ஒரே இழுவை. கீழ் பேணியை இழுக்கும் அதே விசை நடு ஸ்பிரிங் வழியாக மேல் பேணியையும் கீழே இழுக்கிறது. நூல் அதே அளவு மேலே இழுக்கிறது. இரண்டும் வெட்டுப்பட்டுவிடும். மேல் பேணியை 3 சென்ரிமீற்றர் தூக்கி, கீழதை 2 சென்ரிமீற்றர் இறக்கி வைக்க, மேலே 1.6 நியூட்டன், கீழே 1.0 நியூட்டன் வேண்டும். ஆகவே நூல் இரண்டு. இரண்டையும் ஒரே இடத்தில் உரசிப் போகும்படி விட்டு, அங்கே ஒரு தீக்குச்சி. தையல் நூல் நல்லது, நைலோன் உருகி இழுபடும்.

அப்படியும் 20 அலைவுக்கு 7.77-க்குப் பதில் 8.0 செக்கன். மெதுவானது 4 வீதம் பிந்தியது, இது 3 வீதம். ஸ்டொப்வொச் பாவம். ஸ்பிரிங்கைத் தராசில் வைத்தேன், ஒன்று 30 கிராம்! பேணியில் ஏழில் ஒரு பங்கை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

ஒரு முனை அசையாத மேல் ஸ்பிரிங்கில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 கிராம், மேல் பேணியோடு சேரும். கீழ் ஸ்பிரிங்கின் இரு முனையும் ஓடுவதால் இரண்டு பேணிக்கும் 10 கிராம் வீதம் போகும். அதோடு திணிவுத் தாயம் M-இல் மூலைவிட்டத்துக்கு வெளியே ஆறில் ஒரு பங்கு, 5 கிராம் வரும். இந்த 5 கிராமைத்தான் நான் முதலில் தவறவிட்டேன்.

```
from scipy.linalg import eigh
K = [[40, -20], [-20, 20]]
M = [[0.220, 0.005], [0.005, 0.210]]
w2, v = eigh(K, M)
```

இப்போது 35.2, 246.4. இருபது அலைவுக்கு 21.2, 8.0 செக்கன். அப்படியே பொருந்துகிறது. வேகமானதின் விகிதமும் 0.618-இலிருந்து 0.67-க்கு நகர்ந்துவிட்டது. பழைய விகிதப்படி 1.85 சென்ரிமீற்றர் இறக்கி விட்டபோது கீழ் பேணி ஒரு மில்லிமீற்றர் அளவில் மெல்ல ஏறி இறங்கியதன் காரணம் அதுதான். 2 சென்ரிமீற்றருக்கு மாற்றினேன், போய்விட்டது.

மூன்றாவது பேணிக்குத் தங்கச்சி ஏற்கெனவே மணல் சலித்துவிட்டாள். வளை உயரம் போதுமா என்றுதான் பார்க்க வேண்டும். முதலில் மெதுவானதின் விகிதம் 1.60 வருகிறதா என்று வீடியோவில் அளக்க வேண்டும், அதை இன்னும் தொடவில்லை.