நூற்றிருபது கேட்டேன், நூற்றிருபதே கொடுத்தேன்

ராமேஸ்வரத்தில் உள்ள ஒரு தங்கும் விடுதிக்கும் மண்டபத்தில் உள்ள ஒரு கருவாட்டுக் கடைக்கும் இணைய விளம்பரங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். 2019 செப்டம்பரில், புரட்டாசி அமாவாசைக்கு யாத்ரீகர்கள் வரத் தொடங்கும் வேளையில், விடுதியின் அன்றாட விளம்பரப் பணமான 3,000 ரூபாய் மதியம் இரண்டரை மணிக்குள் தீர்ந்துபோகத் தொடங்கியது. அறை கேட்டு மக்கள் அழைப்பது பெரும்பாலும் மாலையில்தான். விளம்பரத்தையோ, விளம்பர இடத்துக்கு ஏலத்தில் கேட்கும் தொகையையோ நான் மாற்றவில்லை. "தம்பி, சாயங்காலம் போனே வரலையே" என்று உரிமையாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

காரணத்தை அறிக்கையிலேயே கண்டேன். ஆகஸ்டில் ஆயிரம் காட்சிகளுக்கு, அதாவது விளம்பரம் ஆயிரம் முறை காட்டப்படுவதற்கு, 120 ரூபாய் என்று கேட்டிருந்தேன். சராசரியாகக் கட்டியது 62 ரூபாய். செப்டம்பரில் கேட்ட தொகையும் கட்டிய தொகையும் வரிக்கு வரி ஒன்றாகவே இருந்தன. இணையத் தளங்களின் விளம்பர இடங்களை ஏலம் விடும் கூகுள் ஆட் மேனேஜர், வென்றவர் அடுத்தவரின் தொகையை ஒட்டிக் கட்டும் இரண்டாம் விலை ஏலத்திலிருந்து, தான் கேட்டதையே கட்டும் முதல் விலை ஏலத்துக்கு அந்த மாதத்தில்தான் மாறி முடித்தது. தேடல் பக்கத்து விளம்பரங்களுக்கு அந்த மாற்றம் இல்லை என்பதால், அந்தக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

பாம்பன் கரையில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் புரியும். ஒரு கூடை நண்டுக்கு இரண்டாயிரம் வரை போக நான் மனத்தில் நினைத்திருந்தாலும், எதிராளி ஆயிரத்து நூறில் நின்றுவிட்டால், அதற்கு மேல் ஒரு படி வைத்ததுமே கூடை எனக்கு வந்துவிடுகிறது. நான் நினைத்த இரண்டாயிரம் வெளியே வருவதே இல்லை. இரண்டாம் விலை ஏலம் ஏறக்குறைய அப்படிப்பட்டது. அதனால்தான் அங்கே உண்மையான மதிப்பை அப்படியே கேட்பது பாதுகாப்பானது. முதல் விலை ஏலமோ தென்னந்தோப்புக் குத்தகைக்கு மூடிய உறையில் தொகை எழுதிக் கொடுப்பதைப் போன்றது. எழுதியதைக் கட்டியே ஆகவேண்டும்.

குறைந்தபட்ச விலையை எங்கள் தொழிலில் ஃப்ளோர் என்போம். அதன் வேலையும் இந்த மாற்றத்தால் மாறிவிட்டது. நான் 120, அடுத்தவர் 50, தளத்தின் ஃப்ளோர் 71 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் விலையில் நான் கட்டுவது 50 அல்ல, 71. ஃப்ளோர் அங்கே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஏலதாரராக நின்று விலையை ஏற்றிவிடுகிறது. முதல் விலையில் அதே ஃப்ளோர் நான் கட்டும் தொகையை நேரடியாகத் தொடுவதில்லை, 120 கேட்டால் 120தான். அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் கதவைச் சாத்திவிடுகிறது.

எங்கள் ஏலக் கருவி பதிவுகளைக் காட்டியதால் இதைச் சரிபார்க்க முடிந்தது. ஒரு செய்தித் தளத்திலிருந்து வந்த கோரிக்கையின் தேவையான பகுதி இது:

```
{"at":1,"imp":[{"id":"1","bidfloor":1.0,"bidfloorcur":"USD"}]}
```

`at` என்பதில் 1 இருந்தால் முதல் விலை, 2 இருந்தால் இரண்டாம் விலை. ஒரு டாலர் ஃப்ளோர் என்பது அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 71 ரூபாய்.

120 என்ற தொகையை நான் சும்மா வைக்கவில்லை. 50,000 காட்சிகளுக்கு ஆறு முன்பதிவுகள், ஒன்றில் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்ற கணக்கில் ஆயிரம் காட்சிகளின் மதிப்பே 120 ரூபாய். அந்த மதிப்பை அப்படியே கட்டினால் விடுதிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. எனவே தொகையை இறக்கிப் பார்த்தேன். வெற்றி விகிதம் நேரத்துக்கு நேரம் மாறும் என்பதால், ஒவ்வொரு தொகையையும் மாலை ஆறு முதல் பத்து வரை, பல நாட்கள் மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒரே நாள் கணக்கை நம்பியிருந்தால் தவறான தொகையில் போய் நின்றிருப்பேன்.

ஒரு லட்சம் ஏலங்களில் 90 ரூபாய்க்கு 40,000 காட்சிகள் கிடைத்தன. ஆயிரத்துக்கு 30 ரூபாய் வீதம் மிச்சம் 1,200. 75 ரூபாய்க்கு 32,000 காட்சிகள். மிச்சம் 45 ரூபாய் வீதம் 1,440. இன்னும் இறங்கலாமே என்ற ஆசையில் 60 வைத்தேன். காட்சிகள் 12,000 ஆகச் சரிந்தன, மிச்சம் 720 ரூபாய்தான். இவ்வளவு சரிவுக்குப் போட்டி மட்டும் காரணமல்ல. தோற்றவற்றின் காரணக் குறியீட்டில் 102 வந்தால் வேறொருவர் அதிகம் கேட்டார் என்று பொருள். 100 வந்தால் ஃப்ளோருக்குக் கீழே கேட்டோம் என்று பொருள். அந்தச் செய்தித் தளத்தின் வரிகள் எல்லாவற்றிலும் 100 என்றே இருந்தது.

75இல் நிறுத்தினேன். நாளொன்றுக்குச் சுமார் 32,000 காட்சிகள், செலவு 2,400 ரூபாய். இரவு பத்து வரை விளம்பரம் ஓடியது, மாலை அழைப்புகளும் திரும்பி வந்தன.

கருவாட்டுக் கடைக்கு இதே தொகை பொருந்தவில்லை. அங்கே ஆயிரம் காட்சிகளின் மதிப்பே 65 ரூபாய்தான். அந்தச் செய்தித் தளத்தில் நுழைய 72 கேட்கவேண்டும், கேட்டால் ஆயிரத்துக்கு ஏழு ரூபாய் கையிலிருந்து போகும். "பெரிய தளமாச்சே, விட்டுடலாமா?" என்று கடைக்கார பாய் தயங்கினார். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபின், அந்தத் தளத்தைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னார்.