காய்ச்சலின் இரண்டாம் நாள் அனுப்பிய மூன்று செய்திகள்

கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தபடியே டிசைன் வேலை செய்கிறேன். போன அக்டோபரில் டெங்கு வந்து படுத்தபோது கையில் மூன்று வேலைகள் இருந்தன. தர்மபுரி ஸ்வீட் கடை ஒன்றின் தீபாவளி நோட்டீஸ், நான்கு நாளில் அச்சுக்குப் போக வேண்டும். சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு 240 பக்க நாவல், பாதி முடிந்திருந்தது. பெங்களூர் நிறுவனம் ஒன்றின் கேட்டலாக், மாதக் கடைசிக்குள்.

முதல் நாள் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை போட்டால் விட்டுவிடும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் கண்ணுக்குப் பின்னால் வலி, திரையைப் பார்க்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு மாலைதான் வரும் என்றார்கள். அதுவரை காத்திருக்காமல் லேப் பெஞ்சிலேயே உட்கார்ந்து செய்தி அனுப்பத் தொடங்கினேன். எனக்கு என்ன காய்ச்சல் என்பது அவர்களுக்கு அவசரமில்லை. வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் அவசரம்.

தள்ளிப்போடவே முடியாதது நோட்டீஸ். தீபாவளி எனக்காக நிற்காது. ஆனால் கடைக்காரருக்குச் சொல்வதற்கு முன் ஓசூரில் இருக்கும் நண்பரைக் கூப்பிட்டு, இரண்டு நாள் ஒதுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம்தான் கடைக்காரருக்குப் போன்.

“அண்ணா, நேத்துல இருந்து காய்ச்சல். நோட்டீஸ்ல விலைப்பட்டியல் மட்டும்தான் பாக்கி. ஓசூர்ல என் ஃப்ரெண்ட் முடிச்சுத் தருவாரு, உங்களுக்குச் சம்மதம்னா ஃபைலை அவருக்கு அனுப்புறேன். காசு நீங்க அதிகமா தர வேண்டாம்.”

“உடம்பைப் பாரு தம்பி. வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போயிடுமில்ல?” என்றார். அவருக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். நண்பருக்கான கூலியை என் பணத்திலிருந்து கொடுத்தேன்.

ஃபைலை ஒப்படைத்ததில்தான் கொஞ்சம் சிக்கல். நான் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, தம்பி கணினியில் செய்தான். அச்சகத்துக்கு வழக்கமாக எழுத்துகளைக் கர்வ்ஸாக மாற்றிய கோரல்டிரா ஃபைல்தான் கொடுப்போம். அதையே அவனும் நண்பருக்கு அனுப்பிவிட்டான். கர்வ்ஸாக்கிய எழுத்து வெறும் வடிவம், அதில் விலையைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது. திருத்தக்கூடிய ஃபைலை மறுபடி அனுப்பினால், நண்பரிடம் அந்தப் பழைய தமிழ் ஃபான்ட் இல்லை, ‘மைசூர்பா’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்தன. ஃபான்ட் ஃபைலையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் சரியானது. மொத்தத்தில் அரை நாள் வீண். இப்போது ஒவ்வொரு வேலையின் ஃபோல்டரிலும் திருத்தக்கூடிய ஃபைல், ஃபான்ட், படங்கள் மூன்றையும் தொடக்கத்திலேயே போட்டு வைக்கிறேன்.

நாவல் அப்படியில்லை. வெளியாகாத பிரதி, கேட்காமல் இன்னொருவரிடம் கொடுக்கக் கூடாது. பதிப்பாசிரியருக்கு நிலைமையை எழுதி, முடிந்த 130 பக்கங்களின் பிடிஎஃபையும் இணைத்தேன். “மெய்ப்பு பார்ப்பவர் இதைத் தொடங்கலாம். மீதிக்குப் பத்து நாள் வேண்டும். அது முடியாதென்றால் எல்லா ஃபைல்களையும் உங்களுக்கே அனுப்பிவிடுகிறேன், வேறு யாரையாவது வைத்து முடித்துக்கொள்ளலாம்.” பத்து நாள் பரவாயில்லை என்று பதில் வந்தது. அந்தப் பக்கங்கள் கையில் போனதால் அவர்கள் வேலையும் நிற்கவில்லை.

பெங்களூருக்கு இரண்டே வரி. உடல்நிலை சரியில்லை, வரும் திங்கள் வேலைக்குத் திரும்புகிறேன் என்று.

நான் சறுக்கியது இந்தப் பெங்களூர் விஷயத்தில்தான். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. தெம்பாக இருந்ததால், “சரியாகிவிட்டது, நாளையே தொடங்குகிறேன்” என்று அவர்களுக்கு இன்னொரு செய்தி தட்டிவிட்டேன். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான கட்டம் என்பது எனக்குத் தெரியாது. அன்று மாலையே வயிற்று வலி, வாந்தி. தட்டணுக்கள் 62,000-க்கு இறங்கியிருந்தன. மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு பெங்களூரிலிருந்து கூப்பிட்டபோது போனை எடுத்தது அப்பா. “பையனுக்கு டிரிப்ஸ் ஏறுதுங்க” என்றாராம்.

முதலில் விடுப்பு கேட்டபோது அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இந்த இரண்டாவது தள்ளிப்போடலுக்குப் பிறகுதான் பேச்சில் ஒரு மாற்றம் வந்தது. கேட்டலாக் எப்போது வரும் என்று தினமும் கேட்டார்கள். அதிலிருந்து குணமாகும் தேதியை யாருக்கும் சொல்வதில்லை. “புதன் காலை பதினோரு மணிக்கு நிலவரம் சொல்கிறேன்” என்பேன். படுக்கையில் இருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியும், எனக்கு முடியாவிட்டால் தம்பி செய்வான்.

வீடு திரும்பிய பிறகும் இரண்டு வாரம் அசதி விடவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தலை சுற்றும். நாவலைச் சொன்ன நாளில் முடித்தேன், கேட்டலாக் மூன்று நாள் தாமதம்.

நோட்டீஸ் வெள்ளிக்கிழமையே அச்சுக்குப் போனது. தீபாவளிக்குக் கடைக்காரர் ஒரு கிலோ ஸ்வீட் அனுப்பியிருந்தார். பொங்கல் நோட்டீஸை மட்டும் நேராக ஓசூர் நண்பரிடமே கொடுத்துவிட்டார்.