பொங்கல் கபடி லைவ்: ஆர்டிஎம்பியா, எஸ்ஆர்டியா?

ஜனவரி 9, வெள்ளி

சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஊரில் மாட்டுப்பொங்கலும் காணும்பொங்கலும் கபடி. யூடியூபில் லைவ் போட வேண்டும். வீடியோவை மைதானத்திலிருந்து அனுப்ப ஆர்டிஎம்பி, எஸ்ஆர்டி என்று ரெண்டு புரோட்டோகால், இங்கே எது ஒத்துவரும் என்பதுதான் கேள்வி. மைதானத்துக்கு பிராட்பேண்ட் கிடையாது, இருக்கிற ஒரே வழி மொபைல் டேட்டா. "போன வருசம் வந்த பையன் ஃபைனல்ல சுத்த விட்டுட்டான் தம்பி, வெளிநாட்டுல இருக்க நம்ம பயலுவ பூரா திட்டுனானுவ" என்றார் கமிட்டி அண்ணாச்சி. அவர் சொன்ன சுத்தல், திரையில் சுற்றுமே அந்த வட்டம்.

மதியம் மைதானத்தில் ஸ்பீட் டெஸ்ட் போட்டேன். அப்லோடு 14 எம்பிபிஎஸ். அதை நம்பி முடிவெடுக்க முடியாது. பத்து வினாடி சராசரியைத்தான் அது காட்டும். இரவு எட்டு மணிக்குத் திரும்பப் போய், போனை யூஎஸ்பியில் லேப்டாப்பில் மாட்டி, அரைமணி நேரம் பிங்கை ஓட விட்டேன். பெரும்பாலும் 60, 70 மில்லிசெகண்ட். நடுநடுவே 400, சில சமயம் 800-க்கு எகிறி, பிறகு இறங்குகிறது. ஆனால் பதில் வராமல் போனது ஒன்றிரண்டுதான்.

இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். மொபைல் நெட்வொர்க்கில் பாக்கெட் தொலைவதைவிடத் தாமதமாவதுதான் அதிகம். போனுக்கும் டவருக்கும் நடுவில் கெட்டுப்போன பாக்கெட்டை ரேடியோ மட்டத்திலேயே திரும்ப அனுப்பிச் சரிசெய்துவிடுகிறார்கள். அதனால் மேலே இருக்கும் நமக்குத் தொலைந்ததாகத் தெரிவதில்லை, லேட்டாக வந்ததாகத் தெரிகிறது. கூட்டம் கூடினால் அப்லோடு வேகமும் சேர்ந்து சுருங்கும்.

ஜனவரி 11, ஞாயிறு

"எஸ்ஆர்டி போட்டா எந்த நெட்லயும் ஓடும்ணே" என்கிறான் கேமரா பிடிக்கும் தம்பி. அப்படிச் சொல்வோர் நிறைய. எதில் ஓடும், எதில் ஓடாது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆர்டிஎம்பி மேக்ரோமீடியா காலத்துச் சரக்கு, பிளாஷ் பிளேயருக்காக வந்தது. பிளாஷ் பிளேயர் 2020 முடிவோடு போய்விட்டது. ஆர்டிஎம்பி மட்டும் என்கோடரிலிருந்து சர்வருக்கு அனுப்பும் வழியாக நிலைத்துவிட்டது. டிசிபி மேல் ஓடுவதால் எல்லாம் வரிசையாகத்தான் போய்ச் சேரும். ஒரு பாக்கெட் தொலைந்தால் பின்னால் வந்தவையெல்லாம் அதற்காகக் காத்திருக்கும். எஸ்ஆர்டி, ஹைவிஷன் நிறுவனம் உருவாக்கி 2017-ல் ஓப்பன் சோர்ஸாக விட்டது. இது யுடிபி மேல் ஓடுகிறது. வராத பாக்கெட்டை மட்டும் ரிசீவர் கேட்டு வாங்கும். நாம் கொடுத்த லேட்டன்சி நேரத்துக்குள் வந்தால் சரி. வராவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும்.

லினக்ஸ் லேப்டாப்பில், நல்ல பிராட்பேண்டை வேண்டுமென்றே கெடுத்தேன். லைவ் அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் 2500 கேபிபிஎஸ், 720p. முதலில் 3 சதவீதம் இழப்பு:

```
sudo tc qdisc add dev eth0 root netem delay 80ms loss 3%
```

நேராக யூடியூபுக்கு ஆர்டிஎம்பி. கொஞ்ச நேரத்தில் ஓபிஎஸ்ஸின் கீழ் ஓரத்தில் Dropped Frames ஏறத் தொடங்கியது, நிற்கவேயில்லை. காரணம் எளிது. வழக்கமான டிசிபி, பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 3 சதவீத இழப்பும் போய்வர 100 மில்லிசெகண்டும் இருந்தால் கணக்குப்படியே ஒரு டிசிபி இணைப்பு 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவது கஷ்டம். கேபிள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதே கதைதான். 2500 எப்படிப் போகும்? (லினக்ஸில் டிசிபியின் நெரிசல் முறையை `bbr`-க்கு மாற்றினால் இந்த இடத்தில் நன்றாகவே தேறும். தம்பியின் விண்டோஸ் லேப்டாப்பில் அந்தக் கதையை நான் ஆரம்பிக்கவில்லை.)

அதே இழப்பில் எஸ்ஆர்டி சலனமே இல்லாமல் ஓடியது. தொலைந்த 3 சதவீதத்தைத் திரும்ப அனுப்ப, கூடுதலாக நூறு கேபிபிஎஸ்கூடத் தேவைப்படவில்லை.

அடுத்து இழப்பை எடுத்துவிட்டு வாய்க்காலைச் சுருக்கினேன்:

```
sudo tc qdisc change dev eth0 root netem delay 80ms rate 2mbit
```

இப்போது நிலைமை தலைகீழ். 2500 அனுப்ப வேண்டும், வழி 2000-தான். ஆர்டிஎம்பியில் ஓபிஎஸ் தன் வரிசை நிரம்புவதைப் பார்த்துச் சில ஃபிரேம்களைத் தானே கழித்துவிட்டது. படம் வெட்டி வெட்டி வந்தாலும் உடையவில்லை. அட்வான்ஸ்டில் உள்ள டைனமிக் பிட்ரேட்டை டிக் செய்ததும் பிட்ரேட் தானாக இறங்கி, அதுவும் சரியானது. எஸ்ஆர்டியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஓபிஎஸ் பாட்டுக்கு 2500-ஐத் தள்ளிக்கொண்டே இருந்தது. லேட்டன்சி நேரத்தைத் தாண்டிய பாக்கெட்டுகள் விழுந்தன. திரை முழுக்கக் கட்டம் கட்டமாகச் சிதறல், முழுப் படத்தையும் கொண்டுவரும் அடுத்த கீஃபிரேம் வந்து துடைக்கும்வரை.

ஆக, ரெண்டும் ரெண்டு நோய்க்கு மருந்து. இழப்பும் தாமத ஏற்றஇறக்கமும் என்றால் எஸ்ஆர்டி. வேகமே போதவில்லை என்றால் எஸ்ஆர்டி காப்பாற்றாது, பிட்ரேட்டைக் குறைப்பதுதான் வழி. அதைத் தானாகச் செய்யும் வசதி ஓபிஎஸ்ஸின் ஆர்டிஎம்பி பக்கம்தான் இருக்கிறது. மைதானத்தில் ரெண்டு நோயும் உண்டு என்பதுதான் சங்கடம்.

ஜனவரி 13, செவ்வாய்

எஸ்ஆர்டி என்று முடிவு. பிட்ரேட்டைக் கையால் குறைத்துவிடலாம். தாமத ஏற்றஇறக்கத்தைக் கையால் சரிசெய்ய முடியாது.

இதற்கு ஒரு செலவு உண்டு. யூடியூபின் ஸ்ட்ரீம் முகவரி எஸ்ஆர்டியை வாங்காது. அதனால் நடுவில் வாடகைக்கு ஒரு சர்வர், அதாவது விபிஎஸ், வேண்டும். மைதானத்திலிருந்து அதுவரை எஸ்ஆர்டி, அங்கிருந்து யூடியூபுக்கு ஆர்டிஎம்பி. டேட்டா சென்டரிலிருந்து போகும் அந்த ரெண்டாவது பாதியில் ஆர்டிஎம்பிக்கு ஒரு குறையும் இல்லை. மொபைலில் பொது ஐபி கிடைக்காது, பல பேர் ஒரே ஐபியைப் பகிரும் கேரியரின் NAT-க்குப் பின்னால்தான் உட்கார்ந்திருப்போம். எனவே இணைப்பைத் தொடங்கும் காலர் லேப்டாப், அதற்காகக் காத்திருக்கும் லிசனர் விபிஎஸ். ஃபயர்வாலில் 9000-ஐ யுடிபி என்று சொல்லித் திறக்க வேண்டும். டிசிபியில் திறந்தால் பிரயோஜனமில்லை.

விபிஎஸ்ஸில் ரெண்டு டெர்மினல்:

```
srt-live-transmit "srt://:9000?mode=listener&latency=3000" "udp://127.0.0.1:5000" -s:1000 -pf:csv -statsout:srt.csv
ffmpeg -i udp://127.0.0.1:5000 -c copy -f flv rtmp://a.rtmp.youtube.com/live2/STREAM-KEY
```

ஓபிஎஸ்ஸில் சர்வர் என்ற இடத்தில்:

```
srt://SERVER-IP:9000?mode=caller&latency=3000000
```

ரெண்டும் மூன்று வினாடிதான். மேலே மில்லிசெகண்ட், கீழே மைக்ரோசெகண்ட். ஓபிஎஸ்ஸில் 3000 என்று போட்டால் அது வெறும் 3 மில்லிசெகண்ட். இரண்டு முனையில் எது பெரிதோ அதையே எஸ்ஆர்டி எடுத்துக்கொள்வதால் இங்கே தப்பிக்கலாம். ஆனால் இன்னொரு முனையும் சின்னதாக இருந்தால் லேட்டன்சியே இல்லாத மாதிரிதான், முதல் ஆட்டத்திலேயே படம் சிதறும்.

ஏன் மூன்று வினாடி? போய்வரும் நேரத்தைப் போல நாலு மடங்கு வைக்கச் சொல்வது வழக்கம். 70 மில்லிசெகண்டுக்கு அது 280. ஒன்றும் சொல்லாவிட்டால் கிடைக்கும் 120-ஐவிட மேல்தான். ஆனால் அது அமைதியாக இருக்கும் நேரத்துக்கான கணக்கு. என்னிடம் 800-க்கு எகிறும் லைன் இருக்கிறது. அதில் நாலு மடங்கு என்றால் மூன்று வினாடியைத் தொடும். யூடியூபே பல வினாடி பின்னால்தான் காட்டும், மேலே மூன்று சேர்ந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஸ்டூடியோவிலிருந்து ஆள் பேசி, மைதானத்திலிருந்து பதில் சொல்லும் நிகழ்ச்சியாக இருந்தால் இந்தத் தாராளம் ஆகாது.

ஜனவரி 16, வெள்ளி: முதல் நாள்

720p, 25 ஃபிரேம், 1800 கேபிபிஎஸ், கீஃபிரேம் ரெண்டு வினாடிக்கு ஒன்று. திரும்ப அனுப்பும் பாக்கெட்டுகளுக்கு எஸ்ஆர்டி கூடுதலாக இடம் எடுக்கும். அதனால் இரவில் கிடைக்கும் மிகக் குறைந்த அப்லோடில் பாதியைத் தாண்டாமல் வைத்தேன். தம்பிக்கு 1080p இல்லை என்று வருத்தம். ரைடர் லைனைத் தொட்டாரா என்று தெரிந்தால் போதும் என்றேன்.

போன் முதலில் கமிட்டிக் கொட்டகைக்குள் இருந்தது. தகரக் கூரை. அதை வெளியே கம்பத்தில் கட்டியதுமே போய்வரும் நேரமான `msRTT` 180-லிருந்து 70-க்கு வந்தது. எந்த புரோட்டோகாலும் இவ்வளவு கொடுத்ததில்லை.

`srt.csv`-ஐ `tail -f` போட்டு ஒரு கண் வைத்திருந்தேன். மூன்று எண்கள் போதும். `pktRcvLoss` ஏறினால் கவலை இல்லை, கேட்டு வாங்கிக்கொள்ளும். `msRTT` மெல்ல ஏறிக்கொண்டே போய் இறங்காமல் நின்றால் வழி அடைக்கிறது என்று அர்த்தம். `pktRcvDrop` அசைந்தால் பார்ப்பவர் திரையில் ஏற்கெனவே கட்டம் விழுந்துவிட்டது. இரவு முழுக்க மூன்றாவது எண் பூஜ்யம்.

ஜனவரி 17, சனி: ஃபைனல்

கூட்டம் மூன்று மடங்கு, கையிலெல்லாம் போன், பாதிப்பேர் ரீல்ஸ் ஏற்றிக்கொண்டு. செமி ஃபைனல் முதல் பாதியில் `msRTT` 300, 500, 700. `pktRcvLoss` அப்படியே இருக்கிறது. இழப்பு இல்லை, வேகம் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரெண்டாவதாகச் செய்த சோதனையேதான். லேட்டன்சியைக் கூட்டி உபயோகமில்லை, அடைப்பு பின்னால் நகருமே தவிர விலகாது.

1000 கேபிபிஎஸ், 540p-யில் இன்னொரு ப்ரொஃபைல் முன்பே செய்து வைத்திருந்தேன். லைவ் போகும்போது ஓபிஎஸ் ப்ரொஃபைலை மாற்ற விடாது. இடைவேளை விசிலுக்குக் காத்திருந்து, நிறுத்தி, மாற்றி, திரும்பத் தொடங்கினேன். விபிஎஸ்ஸில் லிசனர் அடுத்த இணைப்புக்கு அப்படியே காத்திருந்தது. யூடியூபில் ஆட்டோ-ஸ்டாப்பை முன்பே அணைத்திருந்ததால் லைவ் முடிந்ததாகக் காட்டவில்லை, கொஞ்சம் சுற்றிவிட்டு வந்தது.

ஃபைனலுக்கு முன் அண்ணாச்சியிடம் வேறு கம்பெனி சிம் இருந்த போனைக் கேட்டு வாங்கினேன். "எனக்கு கால் வந்தா எடுத்துச் சொல்லுவியாடே?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். அதன் டவர் ஊருக்கு மறுபக்கம், அங்கே நெரிசல் இல்லை. `msRTT` 90. ப்ரொஃபைலை மறுபடி 1800-க்கு ஏற்றினேன். கடைசி ரைடு வரை `pktRcvDrop` அசையவில்லை.

ஜனவரி 19, திங்கள்

விபிஎஸ்ஸை அணைத்தாயிற்று. தை கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் லைவ் இருக்கிறது, அங்கே ஃபைபர் லைன். போய் இரவில் பிங் போட்டுப் பார்த்தேன், ஏற்றஇறக்கமே இல்லை. அதற்கு நேராக யூடியூபுக்கே ஆர்டிஎம்பி, டைனமிக் பிட்ரேட் டிக்கோடு. அடுத்த கபடிக்கு ரெண்டு கம்பெனி சிம்மும் என் பையிலேயே இருக்கும், அண்ணாச்சிக்கு வரும் கால்களை என்னால் எடுக்க முடியாது.