இருட்டுப் படத்துக்கு காமா 0.37

ஆரியங்காவு தாண்டி, கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் ரயில் பாலத்தை இருட்டிய பிறகு மைத்துனன் போனில் எடுத்த படம் இது. கடை பல்பு ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, மற்றதெல்லாம் கறுப்பு.

கிரேஸ்கேலுக்கு மாற்றி ஹிஸ்டோகிராம் பார்த்தேன். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற அளவில், பிக்சல்களில் 99 சதவீதம் 52-க்குக் கீழே. கறுப்பு 3-இல் தொடங்குகிறது. பாலத்தின் கல் 18 வாக்கில், வானம் 40 வாக்கில்.

குறைந்த மதிப்பை 0-க்கும் கூடிய மதிப்பை 255-க்கும் இழுக்கும் சாதாரண கான்ட்ராஸ்ட் ஸ்ட்ரெட்சிங் இங்கே ஒன்றும் செய்யாது. பல்பு ஏற்கெனவே 255-இல் உட்கார்ந்திருக்கிறதே! மேல் எல்லையை 52-ஆக வெட்டினால் கல் தெரிகிறது. ஆனால் பல்பைச் சுற்றிய ஒளிவட்டம் முழுக்க ஒரே வெள்ளைத் திட்டு.

அடுத்து லாக். பழைய மதிப்பு r, புதியது s என்றால் s = c·ln(1+r), c = 255/ln(256), அதாவது ஏறக்குறைய 46. கல் 18-இலிருந்து 135-க்கு ஏறிவிட்டது. வெறும் 4 கூட 74 ஆகிறது. படத்தைப் பார்த்த மைத்துனன், "என்ன அத்தான், விடியக்காலம் பனியில எடுத்த மாதிரில்லா இருக்கு?" என்றான். சரிதான். இதில் c வெளியீட்டை 255-க்குள் அடக்கத்தான், வளைவின் வடிவத்தை மாற்றாது. திருப்பிப் பார்க்க ஒரு குமிழ் வேண்டும்.

அந்தக் குமிழ் பவர்-லாவில் இருக்கிறது: s = 255·(r/255)^γ. இதில் γ-தான் காமா. காமாவை 0.3, 0.5 என்று குத்துமதிப்பாக மாற்றிப் பார்ப்பதை விட, எந்தப் பொருள் எந்த வெளிச்சத்தில் வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டால் கணக்கு தானே விடை சொல்லும். இரவு இரவாகவே தெரிய, கல் 90-இல் இருந்தால் போதும். முதலில் 3-ஐக் கழித்தேன். இல்லாவிட்டால் கறுப்பும் சாம்பலாகக் கிளம்பும். கல் இப்போது 15/252. காமா = ln(90/255) / ln(15/252), அதாவது 0.37.

```python
t = np.clip((np.arange(256) - 3) / 252, 0, 1)
lut = np.round(255 * t ** 0.37).astype(np.uint8)
out = cv2.LUT(gray, lut)
```

கல் 90, வானம் 125, பல்பு அதே 255. ஒளிவட்டமும் படிப்படியாக மங்குகிறது. எனக்குப் பிடித்த படம் இதுதான்.

ஆனால் பாலக் கண்களின் உட்புறத்தை 200 சதவீதத்தில் பார்த்தால் குட்டு வெளிப்படுகிறது. அங்கே இருந்தவை 3, 4, 5 மட்டுமே. அவை 0, 33, 43 ஆகிவிட்டன. நடுவில் எந்த மதிப்பும் கிடையாது, அதனால் நிழல் திட்டுத்திட்டாக நிற்கிறது. கூடவே ஜேபெக் சுருக்கத்தின் 8×8 கட்டங்களும் தலைகாட்டுகின்றன. காமாவை 0.3-க்கு இறக்கினால் கட்டங்கள்தான் இன்னும் பளிச்சென்று தெரிகின்றன, கல் அடுக்கு ஒன்றும் புதிதாக வரவில்லை. பதிவாகாத விவரத்தை எந்த வளைவும் கொண்டுவராது. அடுத்த முறை போனை ஸ்டாண்டில் வைத்து, ரா ஃபார்மட்டில், ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.