வியாழக்கிழமை மாலை ஆறு மணி ஒத்திகை

வெபினார் சனிக்கிழமை மாலை 6.30-க்கு என்றால், அன்று மதியமே ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பேச்சாளர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒத்திகையில் வெளிப்படும் கோளாறுகள் பல, ஒரு மணி நேரத்தில் தீராதவை. மேக் கணினியில் முதன்முறை திரையைப் பகிர, அமைப்புகளுக்குள் போய் அனுமதி கொடுத்துச் செயலியை மூடித் திறக்க வேண்டும். அலுவலக மடிக்கணினி என்றால் அந்த அனுமதிக்கே ஐ.டி. பிரிவின் கடவுச்சொல் தேவைப்படலாம். வியாழக்கிழமை பார்த்துவிட்டால் வெள்ளி முழுவதும் சரிசெய்யக் கிடைக்கும். திங்கள், செவ்வாய் என்று முன்னே தள்ளினாலும் பயனில்லை. அதற்குள் யாராவது கணினியையோ அறையையோ மாற்றிவிடுவார்கள்.

நேரமும் அதே மாலை நேரமாக இருக்க வேண்டும். காலை 11 மணிக்குத் தண்டையார்பேட்டை வீட்டில் வைஃபை நன்றாகத்தான் இருக்கும். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து ஆளுக்கொரு வீடியோ போட்ட பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் இருப்பவர் எந்த அறையில் உட்கார்ந்தால் லாரி ஹாரன் குறைவாகக் கேட்கும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

நான்கு பேச்சாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். காசிமேட்டிலிருந்து படகு உரிமையாளர் ஒருவர் கைபேசியில் வருகிறார். பெரம்பூரில் ஒரு பேராசிரியர், எண்ணூரில் ஒரு பொறியாளர், சிங்கப்பூரில் ஓர் ஆய்வாளர். எல்லோரையும் ஆறு மணிக்கே அழைத்தால், ஒருவருடைய மைக்கைத் தேடும்போது மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு 12 நிமிடம் கொடுங்கள்: 6.00, 6.12, 6.24, 6.36. கோளாறு வரும் என்று சந்தேகப்படும் ஆள் முதலில். இங்கே அது கைபேசிக்காரர். கூட்டு ஒத்திகை 6.50-க்கு என்பதால், இயர்போன் வாங்கிவரக்கூட அவருக்கு நேரம் இருக்கும். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் அங்கே அப்போதே இரவு ஒன்பது தாண்டியிருக்கும். காத்திருக்க வைக்காமல் அவரைக் கடைசியில் போடுங்கள்.

ஒத்திகைக்கென்று தனியாக ஒரு மீட்டிங் லிங்க் அனுப்புவது பெரிய தவறு. ஜூம் வெபினாரில் பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் தனி லிங்க் மின்னஞ்சலில் போகும். பார்வையாளர் லிங்க் வேறு. வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவது பார்வையாளர் லிங்க்தான், பேச்சாளரும் அதையே தட்டிவிடுவார். கேமராவும் மைக்கும் இல்லாமல் பார்வையாளராக நிற்பார். வேறு லிங்க்கில் ஒத்திகை பார்த்தால் இந்தக் குழப்பம் தெரியாமலே போகும். நிஜ வெபினாரிலேயே Practice Session வசதியை இயக்கிவிட்டு உள்ளே போங்கள். நடத்துபவர் நேரலையைத் தொடங்காதவரை பார்வையாளர் யாரும் உள்ளே வர முடியாது.

12 நிமிடத்தில் அதிக நேரம் ஒலிக்கே போக வேண்டும். படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், எதிரொலி வந்தால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். எதிரொலியில் ஒரு வேடிக்கை உண்டு. அதைக் கேட்டுப் புகார் செய்பவரிடம் பெரும்பாலும் குற்றம் இருக்காது. யாருடைய ஸ்பீக்கர் சத்தம் அவருடைய மைக்கிலேயே ஏறுகிறதோ அவருக்கு மட்டும் எதுவும் கேட்காது. மற்றவர்களுக்குத் தங்கள் குரலே திரும்பி வரும். அதனால் கூட்டு ஒத்திகையில் எதிரொலி வந்தால், ஒவ்வொருவராக மியூட் செய்து பாருங்கள். யாரை மியூட் செய்ததும் நிற்கிறதோ அவருக்கு இயர்போன் தேவை. கம்பி வைத்த இயர்போனே போதும். புளூடூத் ஹெட்செட் பலவற்றில் மைக்கை இயக்கியதும் ஒலித் தரம் இறங்கிவிடும்.

ஸ்லைடுகளைப் புதன்கிழமையே வாங்கி ஒரே கணினியில் திறந்து பாருங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருவையும் உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆக அவரிடமே கேட்டு வாங்கினால் தீர்ந்தது. ஆனால் ஸ்லைடில் வீடியோ இருந்தால் பி.டி.எஃப்.பில் ஓடாது, அதைத் தனிக் கோப்பாக வாங்க வேண்டும்.

6.50-க்குத் தொடங்கும் 25 நிமிடத்தில் யாரையும் முழு உரை பேச விடாதீர்கள். தொடக்க இரண்டு நிமிடம், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் பேச்சு மாறும் இடங்கள், கேள்வி நேரம், இவை மட்டும். பிறகு ஒருவரை வேண்டுமென்றே வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திரும்ப வரச் சொல்லி, எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அத்தனை விநாடியையும் நெறியாளர் நிரப்ப வேண்டும். யாரிடம் என்ன கேட்பார் என்பதை அப்போதே எழுதிக்கொள்ளட்டும். நெறியாளரின் இணைப்பே போனால் பார்த்துக்கொள்ள இன்னொருவரை இணை நடத்துநராக்குவீர்கள். வியாழக்கிழமை கொடுத்த அந்தப் பொறுப்பு சனிக்கிழமை வரை நிலைக்காது. அன்று 6 மணிக்கு எல்லோரும் உள்ளே வந்ததும் மறுபடி கொடுத்துவிட்டுத்தான் நேரலையைத் தொடங்க வேண்டும்.