காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு நாடுகள்

எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம், பரீட்சைத் தாளில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் வாழ்கிறவள் நான். பகலில் டியூஷன் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே தனித்தேர்வராக எம்.ஏ. அரசியல் அறிவியல் எழுதினேன். ஒப்பீட்டு அரசியல் தாளில் முதல் முறை தோற்றேன். படிக்காமல் தோற்றிருந்தால் வருத்தம் இருந்திருக்காது. பிரிட்டன், அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, இந்தியா என்று நாட்டுக்கு ஒரு நோட்டு போட்டு, நான்கையும் அட்டை கிழியும் வரை படித்திருந்தேன்.

அந்த நோட்டுகளே என்னைக் கவிழ்த்தன. பிரிட்டிஷ் பிரதமரையும் அமெரிக்க ஜனாதிபதியையும் ஒப்பிடச் சொல்லிக் கேள்வி வந்தது. மனத்துக்குள் அமெரிக்க நோட்டைத் திறந்து இரண்டரைப் பக்கம் எழுதினேன். பிறகு பிரிட்டன் நோட்டைத் திறந்து ஒன்றரைப் பக்கம். ஒப்பிடுவதற்கு மிஞ்சியது கடைசி நான்கு வரி. அதிலும் ‘இருவருமே அதிகாரம் மிக்கவர்கள், ஆனால் முறை வேறு’ என்று எழுதிவைத்தேன். கேட்டது ஒப்பீடு, நான் கொடுத்தது இரண்டு வாழ்க்கை வரலாறு.

அடுத்த முறை நோட்டு போடவில்லை. பழைய மாதக் காலண்டரின் ஒரு தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் கோடு கிழித்தேன். மேலே நான்கு நாடுகள், இடது ஓரத்தில் தலைப்புகள். அரசியலமைப்பு, நிர்வாகத்துறை, சட்டமன்றம், நீதித்துறை, கட்சிகள் என்று பதினான்கு தலைப்பு எழுதி, நோட்டில் இருந்ததையெல்லாம் எறும்பு எழுத்தில் கட்டங்களுக்குள் திணித்தேன். இரண்டு நாள் வேலை. முடித்துப் பார்த்தால் நான்கு நோட்டும் அப்படியே ஒரு தாளுக்குக் குடிவந்திருந்தன. நெடுக்கே படித்தால் பொருள் வந்தது. குறுக்கே படித்தால் ஒன்றுக்கொன்று பேசவே இல்லை.

இதற்கு விடை சொன்னவர் அப்பா. மேலவை வரிசையில் இப்படி எழுதியிருந்தேன்: பிரிட்டனின் பிரபுக்கள் சபைக்கு ‘பலவீனமானது’, அமெரிக்க செனட்டுக்கு ‘நூறு உறுப்பினர்’, நம் மாநிலங்களவைக்கு ‘கலைக்க முடியாதது’. அப்பாவுக்கு அரசியல் அறிவியல் தெரியாது, தேங்காய்க் கணக்கு தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஒரு வியாபாரிக்குக் கொடுத்ததைக் காய் எண்ணிக்கையில் எழுதுகிறாய், இன்னொருத்தருக்குக் கொடுத்ததைக் கிலோவில் எழுதுகிறாய். யாருக்கு அதிகம் போயிற்று என்று எப்படிக் கண்ணு கண்டுபிடிப்பாய்?” என்று கேட்டார்.

மேலவைத் தலைப்பை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்வி எழுதினேன்: ‘கீழவை நிறைவேற்றிய பண மசோதாவை மேலவை எவ்வளவு காலம் தடுக்க முடியும்?’ இப்போது நான்கு கட்டத்துக்கும் ஒரே அளவுகோல். பிரபுக்கள் சபைக்கு ஒரு மாதம், அதுவும் 1911 சட்டத்தின்படி. மாநிலங்களவைக்கு 14 நாள். அமெரிக்க செனட்டுக்குக் காலவரையே இல்லை: வருவாய் மசோதா கீழவையில்தான் தொடங்க வேண்டும், ஆனால் செனட் அதைத் திருத்தலாம், நிராகரிக்கவும் செய்யலாம். சுவிட்சர்லாந்தில் இரண்டு அவைகளுக்கும் சம அதிகாரம், எனவே அங்கும் காலவரை இல்லை. நான்கு கட்டமும் நிறைந்தவுடன் தாள் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. பிரிட்டனும் இந்தியாவும் ஒரு பக்கம், அமெரிக்காவும் சுவிட்சர்லாந்தும் மறுபக்கம்.

அந்தப் பிரிவுக்குக் காரணம் எழுத இடம் இல்லாததால் வலது ஓரத்தில் ‘ஏன்?’ என்று ஐந்தாவதாக ஒரு நெடுக்கு வரிசை சேர்த்தேன். பிரிட்டனிலும் இந்தியாவிலும் அமைச்சரவையின் உயிர் கீழவையின் கையில் இருக்கிறது. பணத்தை மேலவை நிறுத்திவைத்தால் கீழவையின் நம்பிக்கை பெற்ற அரசே நின்றுபோகும். மற்ற இரண்டு நாடுகளிலும் மேலவை என்பது மாநிலங்களின் பங்கு. மக்கள்தொகை எதுவானாலும் அமெரிக்க மாநிலத்துக்கு இரண்டு இடம், கான்டன் எனப்படும் சுவிஸ் மாநிலத்துக்கு இரண்டு, பழைய அரைக் கான்டன்களுக்கு மட்டும் ஒன்று. மாநிலங்களவையில் அப்படி இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்கு 18 இடம், இந்தப் பக்கம் கேரளத்துக்கு 9. பெயரில்தான் மாநிலங்கள், இடம் மக்கள்தொகையை ஒட்டி.

இந்த மேலவை வரிசையையும் ‘ஏன்?’ வரிசையையும் வைத்தே எத்தனை கேள்விக்குப் பதில் எழுதலாம் என்று தாளின் அடியில் குறித்துப் பார்த்தேன். பிரபுக்கள் சபையும் மாநிலங்களவையும், செனட் உலகின் வலிமையான மேலவையா, மாநிலங்களவை உண்மையில் கூட்டாட்சி அவைதானா, அமெரிக்க சுவிஸ் கூட்டாட்சிகள். நான்கு கட்டுரை. நாடுகளின் சேர்க்கை மாறுகிறது, வரிசை மாறவில்லை. பதினான்கு தலைப்பையும் இப்படிக் கேள்வியாக மாற்றப் போனபோது ஐந்து தலைப்புகள் கேள்வியாக மாறவே மறுத்தன. ‘கட்சிகள்’ அதில் ஒன்று. ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் வெவ்வேறு விஷயத்தைத்தான் அங்கே சேர்த்து வைத்திருந்தேன். ஐந்தையும் அடித்துவிட்டேன்.

என்னை அதிகம் படுத்தியது ‘நிர்வாகத்துறைக்கும் சட்டமன்றத்துக்கும் உள்ள உறவு’ என்ற வரிசை. பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் ‘நாடாளுமன்ற முறை’, அமெரிக்காவுக்கு ‘ஜனாதிபதி முறை’ என்று எழுதிவிட்டேன். சுவிட்சர்லாந்து எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. அங்கே ஏழு பேர் கொண்ட குழு ஆள்கிறது. அவர்களை நாடாளுமன்றம்தான் தேர்ந்தெடுக்கிறது, ஆகவே நாடாளுமன்ற முறை என்று எழுதினேன். ஆனால் நான்கு ஆண்டு முடியும் வரை அந்த நாடாளுமன்றத்தால் அவர்களை இறக்க முடியாது. அழித்துவிட்டு ஜனாதிபதி முறை என்று எழுதினேன். மறுபடி அழித்தேன். தாள் அந்த இடத்தில் ஓட்டையாகிவிட்டது.

கோளாறு சுவிட்சர்லாந்தில் இல்லை, வரிசையில் இருந்தது. ஒரே வரிசைக்குள் இரண்டு கேள்வி ஒளிந்திருந்தன: யார் பதவியில் ஏற்றுகிறார்கள், யாரால் இறக்க முடியும்? நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாக்கினேன். ஏற்றுவது: பிரிட்டனிலும் இந்தியாவிலும் கீழவைப் பெரும்பான்மை, சுவிட்சர்லாந்தில் இரண்டு அவைகளும் கூடிய கூட்டம், அமெரிக்காவில் மக்கள், தேர்வாளர் குழு வழியாக. இறக்குவது: பிரிட்டனிலும் இந்தியாவிலும் கீழவையின் சாதாரணப் பெரும்பான்மை போதும், சுவிட்சர்லாந்தில் இடையில் முடியாது, அமெரிக்காவில் குற்றம் சாட்டி, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். மேல் வரிசையில் சுவிட்சர்லாந்து பிரிட்டன் பக்கம் சாய்கிறது, கீழ் வரிசையில் அமெரிக்கா பக்கம். ‘சுவிஸ் ஆட்சிமுறை இரண்டிலும் சேராதது’ என்று மனப்பாடம் செய்துவைத்திருந்த வாக்கியத்துக்கு அன்றுதான் அர்த்தம் புரிந்தது. ஒரு கட்டத்தில் ‘இதுவும் சரி, அதுவும் சரி’ என்று எழுதத் தோன்றினால் அந்த வரிசையைப் பிளக்க வேண்டும். அதன் பிறகு இதே சந்தேகத்தில் வேறு இரண்டு வரிசையையும் பிளந்தேன்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு சம்பவம் மட்டும் எழுதுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். இறக்கும் வரிசைக்குச் சம்பவம் தேடியபோது ஒரு வேடிக்கை கிடைத்தது. 1979இல் பிரிட்டனில் காலகன் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 311க்கு 310 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. 1999இல் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று அதே ஒரு வாக்கில். ஒற்றுமை என்று பச்சை மையில் வட்டம் போட்டேன். அமெரிக்கக் கட்டத்துக்கு 1868இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மீதான வழக்கு. செனட்டில் அவருக்கு எதிராக 35, ஆதரவாக 19. தேவைப்பட்டது 36. பதினாறு வாக்குகள் பின்தங்கியும் அவர் பதவியில் நீடித்தார், ஒரு வாக்கு பின்தங்கிய மற்ற இருவரும் போனார்கள்.

பச்சை வட்டத்திலும் ஒரு பொறி இருந்தது. காலகனுக்கு எதிராக எதிர்க்கட்சி தீர்மானம் கொண்டுவந்தது. வாஜ்பாயோ தானே நம்பிக்கை கோரினார். முடிவு ஒன்று, வழி வேறு. அதிலிருந்து வெறும் ‘அதே’ என்று எந்தக் கட்டத்திலும் எழுதுவதில்லை. எது அதே, எதுவரை அதே என்று இரண்டு சொல்லாவது சேர்த்துக்கொள்வேன்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. டியூஷன் முடிந்து பிள்ளைகள் போன பிறகு, ஒரு வெற்றுத் தாளில் வரிசைக் கேள்விகளை மட்டும் எழுதி, பார்க்காமல் கட்டங்களை நிரப்புவேன். பிறகு ஒரு கேள்வியை எடுத்து, அதற்கு எந்த நான்கு வரிசை வேண்டும் என்று மட்டும் எண் போடுவேன். முழுக் கட்டுரை இரண்டே இரண்டு எழுதிப் பார்த்தேன். நான்கு வரிசைக்கு மேல் எடுத்த கட்டுரை நேரத்துக்குள் முடியவில்லை.

தேர்வில் பிரதமர், ஜனாதிபதி கேள்வி வரவில்லை. அரசியலமைப்பைத் திருத்தும் முறையை மூன்று நாடுகளில் ஒப்பிடச் சொன்னார்கள். ‘நாடாளுமன்றத்துக்கு வெளியே யார் சம்மதிக்க வேண்டும்?’ என்ற வரிசை இருந்தது. பிரிட்டனில் யாரும் வேண்டாம், அமெரிக்காவில் 50 மாநிலங்களில் 38, சுவிட்சர்லாந்தில் மக்களிலும் கான்டன்களிலும் பெரும்பான்மை. முதல் பத்தியிலேயே மூன்று நாடும் வந்துவிட்டன. ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வரிசை. இன்னொரு கேள்வி பிரிட்டிஷ் நாடாளுமன்ற இறைமையை மதிப்பிடச் சொன்னது. அங்கே கட்டம் கைவிட்டுவிட்டது. ஒரு நாட்டை ஆழமாகத் தோண்ட, குறுக்கே ஓடும் ஒரு வரித் தகவல்கள் போதாது. பழைய பிரிட்டன் நோட்டு நினைவில் இருந்ததால் தப்பித்தேன். தாள் தேறியது.

போன மாதம் வேலந்தாவளத்திலிருந்து என் அத்தை மகள் வந்தாள். பி.ஏ. வரலாறு படிக்கிறாள், பிரெஞ்சு ரஷ்யப் புரட்சிகள் பாடம். “அண்ணி, அந்தத் தாளைக் கொடுங்கள்” என்றாள். என் கேள்விகள் அவளுக்கு எதற்கு? வேறொரு காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். முதல் வரிசையில் ‘மன்னருக்கு என்ன ஆயிற்று?’ என்று எழுதி, இரண்டு கட்டத்திலும் ‘கொல்லப்பட்டார்’ என்று நிரப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“யார் முடிவு செய்தார்கள்?” என்று கேட்டேன்.

புத்தகத்தைப் புரட்டினாள். பதினாறாம் லூயியை விசாரித்து, வாக்கெடுத்து, 1793 ஜனவரியில் பொதுச் சதுக்கத்தில் கொன்றார்கள். இரண்டாம் நிக்கோலஸை 1918 ஜூலையில், விசாரணை எதுவும் இல்லாமல், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடும்பத்தோடு சுட்டார்கள். ரப்பரைத் தேடவில்லை; ஸ்கேலை எடுத்து அந்த வரிசையின் நடுவே ஒரு கோடு போட்டாள்.