கானோ வரைபடத்தில் X-ஐ எப்போது விட்டுவிட வேண்டும்

முதலாம் வருட டிஜிட்டல் பாடத்தில் எனக்குப் புள்ளி குறைந்த கேள்வி இது. நான்கு பிட்டில் (A, B, C, D) ஒரு தசம இலக்கம் வருகிறது. அது 3, 6, 9 இல் ஒன்றாக இருந்தால் வெளியீடு 1. 10 முதல் 15 வரை உள்ளீடாக வராது என்பதால் அந்த ஆறு கட்டங்களும் டோன்ட் கெயார், அதாவது X.

```
AB\CD  00  01  11  10
 00     0   0   1   0
 01     0   0   0   1
 11     X   X   X   X
 10     0   1   X   X
```

மேல்வரிசையில் 11-க்குப் பிறகுதான் 10 வரும். பக்கத்துக் கட்டங்களுக்கிடையே ஒரு பிட் மட்டுமே மாற வேண்டும். வழக்கமான எண் வரிசையில் எழுதிவிட்டால் அதற்குப் பிறகு போடும் குழுக்களை நம்ப முடியாது.

எப்போதும் 1-இலிருந்துதான் தொடங்க வேண்டும். 9-ஐ எடுத்தால் 11, 13, 15 ஆகிய X-களோடு நான்காகச் சேரும். நான்கிலும் A-யும் D-யும் மாறாமல் 1, ஆகவே AD. 6-க்குக் கீழே 14 இருக்கிறது, அந்தச் சோடி BCD'. 3-க்குத் துணை இல்லை என்று நினைத்து நான் A'B'CD என்றே எழுதி வைத்திருந்தேன். வரைபடத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒட்டியவை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அதே நிரலின் அடியில் 11 இருக்கிறது. அது ஏற்கனவே AD-யில் போய்விட்டதே என்றால், பரவாயில்லை, ஒரு கட்டத்தை எத்தனை குழுவிலும் சேர்க்கலாம். B'CD கிடைக்கும்.

```
F = AD + BCD' + B'CD
```

X-களைத் தொடாமல் எழுதியிருந்தால் நான்கு நான்கு எழுத்தாக மூன்று உறுப்புகள், மொத்தம் பன்னிரண்டு எழுத்து. இப்போது எட்டு.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். 10-உம் 12-உம் தனித்து நிற்பது கண்ணை உறுத்த, AB, AC என்று இரண்டு குழுக்களை மேலதிகமாகப் போட்டேன். 0 முதல் 9 வரை போட்டுப் பார்த்தால் விடை பிழைக்காது, அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை. ஆனால் சுருக்கச் சொன்ன கேள்வியில் இரண்டு AND படலைகள் வீண். ஒவ்வொரு குழுவிலும், வேறு எந்தக் குழுவும் பிடிக்காத 1 ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை அடித்துவிடுங்கள்.

பிறகு ஆய்வுகூடத்தில் இதே சுற்றைப் பிரெட்போர்டில் கட்டினோம். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் நண்பன் ஆளிகளை 1110 என்று வைத்ததும் எல்.ஈ.டி. எரிந்தது. “மச்சான், 14 மூன்றின் மடங்கா? எங்கேயோ வயர் பிழை” என்று ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கிவிட்டான். வயரில் பிழையே இல்லை. BCD' குழுவில் 14-ஐச் சேர்த்தபோதே அதற்கு 1 என்று நாமே முடிவு கட்டிவிட்டோம், குழுவில் சேராத 10-க்கும் 12-க்கும் 0 வரும். அந்த உள்ளீடு நிஜமாகவே வரக்கூடிய இடமென்றால் அங்கே X போட்டதுதான் பிழை.